இரண்டு தூணா, மூன்று தூணா?

கோயம்புத்தூரில் வடக்குப் பார்த்த மனை, 30-க்கு 50 அடி. அதில் கட்டவிருந்த மாடி வீட்டுக்காக மூன்று படங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். ஒன்று வீட்டின் நேர்முகம். மற்ற இரண்டும் தெருவின் இரு பக்க மூலைகளிலிருந்து பார்ப்பவை. மூன்றும் ஏஐ மென்பொருளில் உருவாக்கியவை. தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் அம்மா அவற்றை மேசையில் வரிசையாக வைத்து, விரலால் தொட்டு எண்ணினார்.

"தம்பி, இந்தப் படத்துல போர்டிகோவுக்கு ரெண்டு தூண். இதுல மூணு. நீங்க எங்களுக்குக் கட்டப்போறது எந்த வீடு?"

அன்று நான் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை முழுக்க உண்டு. பிழை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த படத்தைத் தொட்டோம்.

இந்த மென்பொருளுக்குள் வீடு என்று ஒன்று கிடையாது. வெறும் புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, நாம் எழுதிக்கொடுத்த வரிகளுக்குப் பொருந்தும்படி அதைப் படிப்படியாகத் துலக்கி ஒரு படமாக்குகிறது, அவ்வளவுதான். இடது மூலைப் படம் கேட்டால், இடது மூலையிலிருந்து பார்க்கும்போது இப்படி ஒரு வீடு இருக்கலாம் என்று வரையும். வலது மூலைக்குக் கேட்கும்போது முன்பு வரைந்தது அதற்குத் தெரியாது. 'இரண்டு தூண்' என்று எழுதினாலும் எண்ணிக்கையை நம்ப முடியாது.

'சீட்' எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சீட் என்பது தொடக்கப் புள்ளிக் கூட்டத்தைத் தீர்மானிக்கும் எண். அது தாளின் இடங்களோடு கட்டப்பட்டது, வீட்டோடு அல்ல. பார்க்கும் கோணம் மாறினால் ஜன்னல் தாளில் வேறு இடத்துக்குப் போய்விடும். அங்கே இருப்பது வேறு புள்ளிகள். அதனால் ஒரே சீட் படங்களுக்கு ஒரே மாதிரியான சாயல் தரலாம். ஒரே ஜன்னலைத் தராது.

ஆகவே வீட்டை முதலில் நாமே கட்ட வேண்டும், கணினியில். பிளெண்டரோ ஸ்கெட்ச்அப்போ எதுவானாலும் சரி. வண்ணமில்லாத வெள்ளை மாடல் போதும். அதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு அந்த அம்மாவின் விரலையே அளவாக வைத்துக்கொண்டோம்: எண்ணக்கூடியது எல்லாம் மாடலில் இருக்க வேண்டும். தூண், படி, சன்ஷேட், ஜன்னலின் கதவுப் பிரிவு, கிரில் கம்பி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. சுவரில் கல் பதிக்கும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கோட்டையும் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படத்தில் கல் சுவரின் பாதியில் நிற்கும், அடுத்ததில் மூலையைத் தாண்டிப் போகும்.

பிறகு கேமராக்களை நிறுத்திப் பெயர் வைத்துச் சேமித்தோம். எல்லாம் கண் உயரத்தில், சுமார் 5 அடி. எல்லாவற்றுக்கும் ஒரே 28 மி.மீ. லென்ஸ். ஒன்றில் மட்டும் அகல லென்ஸ் போட்டால் பால்கனி நீண்டு, அதே வீடு வேறு வீடாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டிலும் ஒரு சுவராவது பொதுவாக வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சுவர்தான் சாட்சி.

சூரியனையும் மாடலிலேயே நிறுத்த வேண்டும். எங்கள் முதல் படங்கள் மூன்றிலும் முன்பக்கம் பொன்வெயிலில் மின்னியது. கோவையில் வடக்குப் பார்த்த சுவரில் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை நேர்வெயிலே விழாது. தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருந்தவர்களுக்கு, அன்று நாள் முழுக்க நிழலில் இருக்கப்போகிற முகப்பைத்தான் வெயிலில் காட்டியிருக்கிறோம். நிழல்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், படத்துக்குப் படம் சூரியன் வேறு திசையில் நின்றதும் தெரிந்தது.

மாடலிலிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு வழிகாட்டிப் படங்கள் எடுத்தோம். ஒன்று ஆழப்படம்: அருகில் இருப்பது வெளுப்பாகவும் தொலைவில் இருப்பது கறுப்பாகவும் வரும். இன்னொன்று வெறும் கோட்டுப்படம். 2023-இல் வெளிவந்த கண்ட்ரோல்நெட் என்ற முறை இவற்றை ஏற்றுக்கொண்டு, அந்த வடிவத்துக்குள்ளேயே வரையும்படி மென்பொருளைப் பிடித்துவைக்கிறது.

முதலில் ஆழப்படத்தை மட்டும் கொடுத்தோம். தூண்கள் சரியாக நின்றன, ஜன்னல் பிரிவுகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. காரணம் கணக்கில் இருந்தது. வழக்கமான ஆழப்படத்தில் 256 சாம்பல் படிகள்தான். 40 மீட்டர் தூரத்தை அதில் சமமாகப் பங்கிட்டால் ஒரு படிக்குச் சுமார் 16 செ.மீ. சுவரிலிருந்து 5 செ.மீ. உள்ளே இருக்கும் ஜன்னல் சட்டம் சுவரின் சாம்பலிலேயே கரைந்துவிடும். அது தெரியாத மென்பொருள் தன் இஷ்டத்துக்குச் சட்டம் போடுகிறது. கோட்டுப்படத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகே ஜன்னல்கள் அடங்கின.

வடிவம் நின்றது, நிறம் இன்னும் அலைந்தது. கல் ஒன்றில் பழுப்பு, இன்னொன்றில் சாம்பல். இதற்கு இரண்டு வழிகளைச் செய்து பார்த்தோம். முடிந்த நேர்முகப் படத்தை அகலமான தாளின் இடது பாதியில் வைத்து, வலது பாதியைக் காலியாக விட்டு, அங்கே மூலைப் படத்தை நிரப்பச் சொல்வது ஒன்று. ஒரே தாளில் இருப்பதால் இடது பாதியைப் பார்த்தபடியே வலது பாதி உருவாகிறது. கல்லின் நிறம் கூடவே வருகிறது. ஆனால் தாளின் அளவு பாதியாகிவிடுவதால் கிரில் போன்ற மெல்லிய கோடுகள் குழைந்துபோயின.

நான் நம்புவது மற்ற வழியைத்தான். வெள்ளை மாடலுக்கே கல்லும் பெயிண்டும் பூசி, சாதாரண ரெண்டர் எடுத்துவிடுவது. அதை மென்பொருளிடம் கொடுத்து லேசாக மெருகேற்றச் சொல்வது. எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு denoising strength என்று ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் தொடாது, 1 என்றால் ஏறக்குறைய புதிதாகவே வரையும். எங்கள் வேலையில் 0.3 வரை வீடு வீடாக இருந்தது. 0.5-ஐத் தாண்டியதும் கிரில் வேறு கிரில் ஆனது. 0.3-இல் வெளிச்சமும் சுவரின் சொரசொரப்பும் செடிகளும் உயிர்பெறுகின்றன. அதற்கு மேல் எனக்குத் தேவையில்லை.

பக்கத்து வீடும் தென்னை மரமும்கூட மாடலில் இருக்க வேண்டும் என்பது கடைசியில் தெரிந்தது. எங்கள் தென்னை ஒரு படத்தில் மதிலுக்கு உள்ளேயும் இன்னொன்றில் வெளியேயும் நின்றது. கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்புகளை மட்டும் எங்களால் ஒத்துப்போக வைக்க முடியவில்லை. அவற்றை மங்கலாக்கி விட்டுவிட்டோம்.

படம் வெளியே போகுமுன், எண்ண வேண்டியவற்றைத் தாளில் எழுதி, அந்த வேலையைத் தொடாத ஒருவரிடம் கொடுத்து எண்ணச் சொல்கிறோம். வரைந்தவர் கண் மூன்றாவது தூணைப் பார்க்காது.

இரண்டாம் முறை போனபோது அந்த அம்மா மறுபடியும் எண்ணினார். தூண், படி, ஜன்னல் எல்லாம் சரி. பிறகு, "பின்பக்கம் எப்படி இருக்கும்?" என்றார். முன்பக்கப் படத்திலிருந்து பின்பக்கத்தை எந்த மென்பொருளும் ஊகிக்கத்தான் முடியும். எங்கள் மாடலில் பின்பக்கம் இருந்தது. மடிக்கணினியிலேயே கேமராவைக் கொல்லைக்குத் திருப்பி வெள்ளை வீட்டைக் காட்டினேன். சமையலறைக் கதவு, இரண்டு படி, கழிவறை வென்டிலேட்டர். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துவைக்கிற கல்லு எங்க தம்பி?"

நான் அதைப் போடவே இல்லை. எங்கே வேண்டும் என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் மாடலில் வைத்தேன்.