சிறு தொழில், பெருங்கணக்கு – 9
லேத்தை நகர்த்தும் முன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி விசைப்படகு ஷாஃப்ட் கடையும் பட்டறைகளில், இரும்பு செதுக்கப்படும் நேரத்தைப் போலவே அது சுமக்கப்படும் நேரமும் கூலியைத் தின்கிறது. கணக்குக்காக 60 அடி நீளக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலிலிருந்து 10 அடியில் ரம்பம், 15-ல் மில்லிங், 45-ல் லேத், 50-ல் சரிபார்க்கும் மேசை. கம்பி இருப்பு கடைக்கோடியில். வாசலில் இறங்கும் கம்பி 60 அடி உள்ளே போய், 50 அடி திரும்பி ரம்பத்துக்கு வருகிறது. பிறகு லேத்துக்கு 35, சாவிக்காடி வெட்ட மில்லிங்குக்கு 30, மேசைக்கு 35, வாசலுக்கு 50. மொத்தம் 260 அடி. இரண்டு அங்குலத் தடிமனில் 10 அடிக் கம்பி ஏறக்குறைய 50 கிலோ. ஒவ்வொரு முறையும் இருவர் தம் வேலையை நிறுத்திவிட்டுத் தூக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் மெஷின்களைப் பெயர்க்கத் தோன்றும். அது கடைசி வேலை. கம்பி இருப்பை 5 அடிக்கும் மேசையை 8 அடிக்கும் கொண்டுவந்தாலே போதும். 5, 5, 35, 30, 7, 8 என்று பாதை 90 அடியாகச் சுருங்கிவிடும். எந்த மெஷினையும் தொடவில்லை. அதன்பின் லேத்தை 25 அடிக்கு நகர்த்தினால் 50 அடி. ஆனால் அந்த 40 அடிக்காக அடித்தளம் போட்டு, மட்டம் பார்த்து, சில நாள் உற்பத்தியை இழக்க வேண்டும். மட்டம் பிசகினால் கடைசலில் டேப்பர் விழும். நாளுக்கு எத்தனை ஷாஃப்ட் என்று பெருக்கிப் பார்த்த பிறகே அந்த முடிவு.

கடற்காற்றில் துரு ஏறும், அதனால்தான் கம்பியை உள்ளே வைக்கிறோம் என்பார்கள். நியாயமே. ஒரு வாரத்துக்கானதை எண்ணெய் தடவி முன்னால் வையுங்கள். மீதி உள்ளேயே இருக்கட்டும். தினம் ஒரு வேலை வரும் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு நிலையான பாதை ஏது என்பது இதைவிட வலுவான மறுப்பு. வேலைகள் மாறினாலும் அவை போகும் வழிகள் அவ்வளவாக மாறுவதில்லை. புஷ்ஷுக்கு மில்லிங் தேவையில்லை, ஆனால் ரம்பமும் லேத்தும் தேவை. ஒரே வழியில் போகும் வேலைகளைக் குழுவாகப் பிரித்து மெஷின்களை அடுக்கும் முறையை இங்கிலாந்தின் ஜான் பர்பிட்ஜ் வகுத்தது, வேலைகள் பல வகையாகக் கலந்து வரும் ஆலைகளுக்காகவே. வேலைச் சீட்டுகளைப் புரட்டி, எந்த இரு மெஷின்களுக்கிடையே அதிகத் தடவை சுமை போகிறது என்று எண்ணுங்கள். அந்த ஜோடிக்கே முதலிடம். புஷ் தட்டை ஒருவர் கையில் எடுத்துப் போவார். ஆகவே தடவையோடு எத்தனை ஆள் என்பதையும் பெருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் பழுதுக்கு வருவது அப்போதுதான். அந்த நாட்களில் சுமையை எண்ணுங்கள். மெஷினைப் பெயர்ப்பதானால் தடை முடிந்து வேலை தணிந்த பிறகு பெயருங்கள்.