முடி கொட்டும் நாயை மொட்டையடிக்கலாமா?

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தென்னந்தோப்புக் காவலுக்கு 3 வயது ஜெர்மன் ஷெப்பர்டு நாய் வைத்திருக்கிறோம். மாசி பிறந்ததிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வெயிலும் ஏறிவிட்டது. மெஷின் வைத்து ஒட்ட வெட்டிவிட்டால் நாய்க்கும் குளிர்ச்சி, வாசல் பெருக்கும் வேலையும் மிச்சம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். செய்யலாமா?"

வேண்டாம் என்பதுதான் பதில். கொட்டுகிற முடியைச் சீவி எடுக்க வேண்டும். கொட்டாத முடியை வெட்டக் கூடாது. ஏன் என்பதை விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டு அடுக்கு முடி

நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு உடம்போடு ஒட்டிய குட்டை முடி ஒரே அடுக்காக இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவை குளிர்நாடுகளில் உருவான இனங்கள். இவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது சற்று முரடான, நீளமான மேல்முடி. அதை விலக்கிப் பார்த்தால் தோலை ஒட்டிப் பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது அடிமுடி. லாப்ரடாருக்கு முடி குட்டை என்பதால் பலரும் ஒற்றை அடுக்கு என்று நினைக்கிறார்கள். அதற்கும் இரண்டு அடுக்குதான்.

இரண்டுக்கும் வேலை வேறு. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கும், மழைநீரை வழியவிடும், முள்ளும் பூச்சியும் தோலைத் தொடாமல் காக்கும். அடிமுடி குளிருக்கான கம்பளி. வெயில் காலத்தில் நாய்க்குச் சுமையாவது இந்தக் கம்பளிதான். அதனால்தான் நாயின் உடம்பே அதைக் கழற்றிப் போடுகிறது. மெஷின் வைத்து வெட்டும்போது, தானாகப் போக வேண்டிய அடிமுடியோடு, இருக்க வேண்டிய மேல்முடியும் போய்விடுகிறது.

"மொட்டையடித்தால் வியர்வை ஆறுமே" என்பார்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. தோலைத் திறந்து வைப்பதால் நமக்குக் கிடைக்கிற குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. மாறாக, முடி மூடியிருந்த தோல் மெல்லியது. நேர் வெயில் பட்டால் சிவந்து கொப்பளிக்கும்.

ஆட்டுக்கு வெட்டுகிறோமே?

செம்மறி வளர்ப்பவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி இது. நீலகிரி ஆடு போன்ற கம்பளி ஆடுகளுக்கு மயிர் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாவிட்டால்தான் சிரமம். நாய்களில் பூடில் இனத்துக்கு அப்படித்தான். அதற்கு முடி வெட்டித்தான் ஆக வேண்டும்.

இரட்டை அடுக்கு நாயின் முடி ஓர் அளவுக்கு வளர்ந்ததும் நின்றுவிடும். பிறகு அந்த முடிக்கால் நீண்ட நாள் ஓய்வில் இருக்கும். ஓய்வு முடிந்து புது முடி கிளம்பும்போதுதான் பழையது உதிரும். ஓய்வில் இருக்கிற முடியை மேலே வெட்டினால், கீழே இருக்கும் முடிக்காலுக்கு அது தெரியாது. 'வெட்டிவிட்டார்கள், உடனே வளர வேண்டும்' என்ற கட்டளை எதுவும் போவதில்லை. தன் முறை வரும்வரை அது சும்மாதான் இருக்கும். பொமரேனியன், ஹஸ்கி போன்ற அடர்முடி இனங்களில் இந்த ஓய்வுக்காலம் மிக நீளம். அதனால் வெட்டிய இடம் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கலாம்.

ஒரு பொமரேனியனுக்கு நடந்தது

எங்கள் வட்டாரத்தில் மஞ்சள் விவசாயி ஒருவர் வீட்டில் 4 வயது வெள்ளைப் பொமரேனியன் இருந்தது. உண்ணித் தொல்லை என்று பங்குனியில் உடம்பு முழுக்க ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஆடியில் நான் பார்த்தபோது தலை, கால், வால் நுனியில் முடி வந்திருந்தது. முதுகிலும் தொடையிலும் குட்டையாகப் பஞ்சு முடி மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது, மேல்முடியே இல்லை. அந்தப் பஞ்சில் ஒட்டுப்புல்லும் நாயுருவி விதையும் சிக்கித் திரிதிரியாகச் சடை பிடித்திருந்தது. முன்பு மேல்முடியில் பட்ட விதை உதறினால் விழுந்துவிடும். இப்போது கையால் பிய்த்தாலும் வரவில்லை.

சொறியாக இருக்குமோ என்று கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் தோலைச் சுரண்டிச் சோதித்தார், சொறிப்பூச்சி இல்லை. இரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சரியாக இருந்தது. வெட்டியதால் நின்றுபோன வளர்ச்சிதான், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். சடையைப் பிரித்து, வாரம் இருமுறை மென்மையாகச் சீவி, பகலில் நிழலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முதுகில் மேல்முடி முழுதாக மூட அடுத்த ஆண்டு ஆனி ஆகிவிட்டது. பதினைந்து மாதம்.

எல்லா நாய்க்கும் இப்படி ஆகும் என்பதில்லை. சில நாய்களுக்கு நான்கைந்து மாதத்தில் முடி வந்துவிடும். சிலவற்றுக்கு நிறமோ தன்மையோ மாறி வரும். நம் நாய் இதில் எந்த வகை என்று வெட்டுவதற்கு முன்னால் யாராலும் சொல்ல முடியாது.

அந்த வீட்டில் உண்ணியும் தீரவில்லை. உண்ணி காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். முட்டையைச் சுவர் வெடிப்பிலும் கூண்டு இடுக்கிலும் இடும். முடியை எடுத்தால் கண்ணுக்குத் தெரியுமே தவிர, ஒழியாது. மருத்துவர் தரும் உண்ணி மருந்தோடு நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கரைத்து நாய் மேல் ஊற்றாதீர்கள். தோல் வழியாகவும், நக்குவதாலும் உள்ளே போய் நாய் செத்துவிடும்.

எது இயல்பு, எது நோய்?

குளிர்நாடுகளில் பகல் நீளம் மாறுவதை வைத்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நாய் பெருமளவு முடி கொட்டும். நம்மூரில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறைந்த பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அதனால் இங்கே ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொட்டிக்கொண்டே இருக்கும். இடையில் சில வாரங்கள் அதிகமாகும். பெண் நாய் குட்டி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் நிறையக் கொட்டுவதும் இயல்புதான்.

சோதிப்பது எளிது. கொட்டுகிற இடத்தில் முடியை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். கையோடு வருவது மெத்தென்ற பஞ்சு முடியாக இருந்து, தோல் சுத்தமாக, வழக்கமான நிறத்தில் இருந்து, மேல்முடி அப்படியே நின்றால் கவலை வேண்டாம்.

தோல் வழுக்கையாகத் தெரிந்தாலோ, சிவந்து பொருக்கு கட்டியிருந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, நாய் ஓயாமல் சொறிந்தாலோ அது நோய். வட்ட வட்டமாக முடி போனால் படர்தாமரையாக இருக்கலாம். அது வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். அரிப்பே இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, நாய் சோம்பி, எடை கூடினால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கால்நடை மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சீவும் முறை

மூன்று சாமான் போதும்: வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், அகலப் பல் உள்ள அடிமுடி வாரி, ஒரு ஸ்டீல் சீப்பு. வாரியின் பல் முனை மழுங்கியிருக்க வேண்டும். பிளேடு வைத்த வாரிகளும் விற்கிறார்கள். அவற்றை அழுத்தி இழுத்தால் மேல்முடியும் அறுபடும், தவிர்ப்பது நல்லது.

சாதாரண நாளில் வாரம் ஒருமுறை, கொட்டும் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம் சீவினால் போதும். நாயைப் படுக்கவைத்து, இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வரி தோல் தெரியும். அந்த வரியில் இருந்து முடி வளரும் திசையிலேயே பிரஷ்ஷால் சீவுங்கள். பிறகு கொஞ்சம் முடியைக் கீழே விட்டு அடுத்த வரி. இப்படித் தொடையிலிருந்து கழுத்துவரை போக வேண்டும். மேலாகத் தடவிவிட்டால் மேல்முடி பளபளக்கும். அடியில் பஞ்சு கட்டியாகவே கிடக்கும்.

அடுத்து வாரி. ஓர் இடத்தில் நாலைந்து இழுப்புக்கு மேல் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். தோல் சிவந்தால் நிறுத்திவிடுங்கள். கடைசியாகச் சீப்பைத் தோல்வரை விட்டு இழுங்கள். தடையில்லாமல் வந்தால் வேலை முடிந்தது.

காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில்தான் சடை பிடிக்கும். அதை விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீப்பால் எடுங்கள். பிரியாவிட்டால் தோலுக்கும் சடைக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரியுங்கள். வெறும் கத்தரிக்கோலை உள்ளே விட்டால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

குளிப்பாட்டுவதானால் முதலில் சீவிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சடையில் ஈரம் பட்டால் இறுகிவிடும். நாய்க்கான ஷாம்பு போட்டு, நுரை முழுக்கப் போக அலசி, தோல்வரை காயவையுங்கள். மழைக்காலத்தில் மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால் ஒரே இரவில் ஈரப்புண் வந்துவிடும்.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

*முடியை எப்போதுமே வெட்டக் கூடாதா?*
பாதத்து அடியில் விரலிடுக்கு முடி, ஆசனவாயைச் சுற்றி அழுக்குப் படும் முடி ஆகியவற்றைக் கத்தரிக்கலாம். அறுவை சிகிச்சை, புண், தோலோடு ஒட்டிய பெருஞ்சடை என்றால் மருத்துவர் மழிப்பார். அது தேவையானது. அந்த இடத்தில் முடி வரத் தாமதமானாலும் கவலைப்பட வேண்டாம்.

*ஏற்கெனவே மொட்டையடித்துவிட்டோம், இப்போது என்ன செய்வது?*
பகல் 10 மணி முதல் 4 மணிவரை வெயிலில் கட்டாதீர்கள். எண்ணெய் தேய்ப்பதால் முடி வராது. வளரும் பஞ்சு முடியில் சடை பிடிக்காமல் சீவி வாருங்கள். ஓர் ஆண்டுக்கு மேலும் வெறுமையாக இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

*முடியை வெட்டாமல் வெயிலுக்கு என்ன செய்வது?*
தகரக் கூண்டை மாற்றி மரநிழலில் கட்டுங்கள். இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள். மதியம் வயிற்றையும் பாதத்தையும் நனைத்துவிடலாம். இரைப்பு நிற்காமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்றுப்படும்படி வைத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.