கார்ட்டூன் வந்துவிட்டது, போட்டோ எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. யூ.கே.ஜி. படிக்கும் குட்டி, முட்டைக் கண்களோடு, சினிமாவில் வரும் கார்ட்டூன் இளவரசி போலச் சிரிக்கிறாள். அத்தை இதயங்களை அள்ளிக் கொட்டுகிறார். "எந்த ஆப்புடி இது, எனக்கும் அனுப்பு" என்கிறார் பெரியம்மா. அரை மணி நேரத்தில் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று மொத்தக் குடும்பமும் கார்ட்டூனாகிவிடுகிறது.

குழுவில் இருப்பவர்கள் பார்ப்பது திரும்பி வந்த படத்தை. செயலிக்குக் கொடுத்த படம் வேறு. அது பள்ளி ஆண்டு விழா அன்று வீட்டு வாசலில் எடுத்தது. குட்டியின் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பெயர், வகுப்பு, அப்பாவின் செல் நம்பர் மூன்றையும் படிக்கலாம். பின்னால் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட். ஓரத்தில் எதிர் வீட்டுப் பையன். போதாததற்கு, போட்டோ கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குறிப்பும் உட்கார்ந்திருக்கும்: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மாடல் போனில் எடுத்தது என்று. கேமராவில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகைகூட அதில் பதிந்திருக்கும். கார்ட்டூனில் இவற்றில் பெரும்பாலானவை காணாமல் போய்விடும். அசல் படத்தில் அத்தனையும் பத்திரமாக இருக்கும்.

அந்த அசல் எங்கே போகிறது? பல செயலிகளில் கார்ட்டூனை வரைவது கையிலிருக்கும் போன் அல்ல. முகத்தின் வடிவைப் புரிந்துகொண்டு அதை ஓவியமாக மாற்றுவது கனமான கணக்கு. அதனால் போட்டோவை நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்கு அனுப்பி, அங்கே வரைந்து, முடிந்த படத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் நடப்பது இதுதான். சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்துவிட்டு, ஒரு பூந்தொட்டியோ பொம்மையோ இருக்கும் படத்தைச் செயலியில் கொடுத்துப் பார்க்கலாம். இணைய இணைப்பு இல்லை என்று அது அழுதால், படம் வெளியே போனால்தான் வேலை நடக்கும் என்று அர்த்தம். இணைப்பு இல்லாமலே கார்ட்டூன் வந்தால் வரைவது போனுக்குள்தான். ஆனால் இணைப்பு வந்த பிறகு எதையும் அனுப்பாது என்பதற்கு அந்தச் சோதனை உத்தரவாதம் தராது.

இந்தப் பயணத்தைப் பற்றி உலகமே ஒருமுறை பதறியது 2019 ஜூலையில். முகத்தைக் கிழடாக்கிக் காட்டும் ஃபேஸ்ஆப் செயலி அப்போது காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. அதை உருவாக்கியவர்கள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்தவர்கள். போனில் இருக்கும் மொத்த ஆல்பத்தையும் அது உருவிக்கொண்டு போகிறது என்று செய்தி கிளம்பியது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் செயலி அனுப்பும் தரவைப் பிடித்துப் பார்த்தார்கள். பயனர் தேர்ந்தெடுத்த ஒரு படம் மட்டுமே போனது. ஆல்பம் போனதற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலான படங்களை 48 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாக நிறுவனமும் சொன்னது. சர்வரிலிருந்து தன் படங்களை அழிக்கச் சொல்ல விரும்புகிறவர், செயலியின் அமைப்புகளுக்குள் போய், பிழையைத் தெரிவிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, தலைப்பில் privacy என்று எழுதி அனுப்பவேண்டும் என்றும் சொன்னது. தாத்தாவைக் கிழடாக்க ஒரு தட்டு போதும். படத்தைத் திரும்பக் கேட்க மட்டும் இத்தனை சுற்று.

ஆக, ஊர் பயந்தது தவறான விஷயத்துக்கு. பயந்திருக்கவேண்டிய விஷயம் யாரும் படிக்காத விதிமுறைகளில் இருந்தது. பதிவேற்றிய படத்தின் மீது நிறுவனத்துக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் முழுவதும் செல்லுபடியாகும், காசு தரத் தேவையில்லாத உரிமம் உண்டு; அதை மற்றவர்களுக்கும் மாற்றித் தரலாம் என்று அப்போதைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வீட்டுப் பேச்சில் சொன்னால், படத்தின் சொந்தக்காரர் நீங்கள்தான், ஆனால் சாவியின் ஒரு பிரதி எங்களிடம் என்றைக்கும் இருக்கும், வேண்டுமானால் அதிலிருந்து இன்னும் பல சாவிகள் வெட்டிக் கொடுப்போம் என்பதுதான் அது. இத்தகைய வாசகங்கள் ஃபேஸ்ஆப்பின் கண்டுபிடிப்பு அல்ல. படங்களைப் பகிரும் பல செயலிகளில் இதன் சாயல் உண்டு. நிறுவனத்திடம் உரிமம் இருப்பதால் அது உடனே படத்தை விளம்பரப் பலகையில் ஒட்டிவிடும் என்று பொருளில்லை. ஒட்டினால் தடுக்க ஒப்பந்தத்தில் பிடி இல்லை என்பதுதான் பொருள்.

பிடி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. அது கார்ட்டூன் செயலி அல்ல, 'எவர்' என்ற போட்டோ சேமிப்புச் செயலி. ஆனால் பெற்றோர் அறிய வேண்டிய அத்தனையும் அந்தக் கதையில் இருக்கிறது. 2015-ல் எவரால்பம் என்ற நிறுவனம் அதைத் தொடங்கியது. போனில் இடம் அடைத்துக்கொள்ளும் குடும்பப் படங்களை எங்களிடம் போட்டுவையுங்கள் என்பதே விளம்பரம். 2017-ல், ஒரே ஆள் இருக்கும் படங்களைத் தானாகச் சேர்த்துக் காட்டும் வசதி வந்தது. அதற்காக முகத்தை அடையாளம் காணும் நுட்பம் எல்லோருக்கும் தானாகவே இயங்கத் தொடங்கியது. 'அம்மா இருக்கும் படங்கள்', 'பாப்பா இருக்கும் படங்கள்' என்று அழகாகப் பிரித்துத் தந்ததால் யாருக்கும் குறையில்லை.

பின்னணியில் இன்னொரு வேலை நடந்தது. பயனர்களின் படங்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களை எடுத்து, பொதுவெளியில் கிடைத்த முகத் தொகுப்புகளோடு கலந்து, முகமறியும் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் தேர்ந்த மென்பொருள், பாதுகாப்பு வேலைகளுக்காக வேறு நிறுவனங்களுக்கு விற்பனைக்குப் போனது. பிறந்தநாள் கேக் வெட்டும் படத்தைப் போட்டுவைத்த குடும்பங்களுக்கு இது தெரியாது. 2019 மே மாதம் என்.பி.சி. செய்தி நிறுவனம் எழுதிய பிறகுதான் வெளியே வந்தது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தபோது மற்றொன்றும் தெரிந்தது. கணக்கை முடக்கினால் உங்கள் படங்கள் அழிக்கப்படும் என்று எவர் வாக்குக் கொடுத்திருந்தது. குறைந்தபட்சம் 2019 அக்டோபர் வரை அப்படி அழிக்கவே இல்லை. முடக்கிவிட்டுப் போனவர்களின் படங்களும் சர்வரில் அப்படியே கிடந்தன. 2021 ஜனவரியில் ஆணையம் அறிவித்த சமரசம் அதனால்தான் முக்கியமானது. விலகியவர்களின் படங்களை அழிக்கவேண்டும், சம்மதம் பெறாமல் அவற்றிலிருந்து எடுத்த முகக் கணக்குகளை அழிக்கவேண்டும், பயனர்களின் படங்களைத் தின்று வளர்ந்த மென்பொருளையும் அழிக்கவேண்டும் என்றது. ஒரு முகத்தைப் படித்து முடித்த மென்பொருளுக்கு அதன் பிறகு அந்தப் போட்டோ தேவைப்படாது. வெறும் படத்தை மட்டும் அழித்தால் கரும்பைப் பிழிந்த பிறகு சக்கையைத் திருப்பிக் கொடுத்த கதையாகிவிடும். ஆணையம் சாற்றையும் கொட்டச் சொன்னது. பரவலாக நடக்கிற தீர்ப்பு அல்ல இது.

இலவசச் செயலிகள் எல்லாமே முகத்தை விற்றுப் பிழைப்பதில்லை. பல செயலிகள் விளம்பரத்தில் ஓடுகின்றன. பல, மூன்று நாள் இலவசம் என்று சொல்லி, பிறகு சந்தாவைக் கணக்கிலிருந்து கழிக்கின்றன. வேறு சிலவற்றுக்குப் படமே பொருட்டில்லை, தேவை வேறு. 2022 மார்ச்சில் பிராடியோ என்ற பிரெஞ்சு பாதுகாப்பு நிறுவனம் கூகுள் பிளே கடையில் Craftsart Cartoon Photo Tools என்ற செயலியைக் கண்டுபிடித்தது. போட்டோவைக் கார்ட்டூனாக்கும் செயலி, ஒரு லட்சம் முறைக்கு மேல் இறக்கப்பட்டது. திறந்ததும் ஃபேஸ்புக் கணக்கில் நுழையச் சொல்லும். தாண்டிப் போக வழி இல்லை. பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால் அவை நேராகத் திருடர்களின் சர்வருக்குப் போய்விடும். நகைமுரண் என்னவென்றால், அது கார்ட்டூனையும் தந்தது! படத்தை வேறொரு இணையதளத்துக்கு அனுப்பி, அங்கே பூசப்பட்ட வண்ணத்தை வாங்கித் திருப்பிக் காட்டியது. கேட்ட படம் வந்துவிட்டதால் யாருக்குச் சந்தேகம் வரும்? தகவல் வெளியானதும் கூகுள் அதை நீக்கியது. ஏற்கெனவே போனில் இறக்கியவர்கள் தாங்களே நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் கட்டளையையும் கொடுத்தால்தான் கதவு சாத்தும்.

முகத்தைக் கார்ட்டூனாக்க ஒரு செயலிக்கு ஒரு போட்டோ போதும். ஃபேஸ்புக் கணக்கோ, போன் நம்பர்களின் பட்டியலோ, மைக்கோ தேவையில்லை. கேட்டால் அங்கேயே மூடிவிட வேண்டியதுதான். ஆல்பத்துக்கு அனுமதி கேட்கும்போது, புது ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோனிலும், எல்லாப் படங்களும் என்ற வரிக்கு அருகிலேயே தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும் என்றொரு வரி இருக்கும். அவசரத்தில் விரல் எல்லாப் படங்களும் என்ற வரிக்குப் போகும். கொஞ்சம் நிதானித்து மற்ற வரியைத் தொட்டால் ஒரு படத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

கொடுக்கும் படத்தையும் மெலிதாக்கலாம். முகம் மட்டும் இருக்கும்படி வெட்டி, வெட்டியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதைக் கொடுத்தால் அடையாள அட்டையும் நம்பர் பிளேட்டும் போய்விடும், படம் எடுத்த இடத்தின் குறிப்பும் ஸ்க்ரீன்ஷாட்டில் வராது. ஆனால் முகம் முகமாகவே போகும், அதற்கு மாற்று இல்லை. செயலியை போனிலிருந்து நீக்குவதால் சர்வரில் இருப்பது நீங்காது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்கு தொடங்கியிருந்தால், நீக்குவதற்கு முன்பு செயலிக்குள்ளேயே கணக்கை அழிக்கும் வழியைத் தேடவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதன்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குட்டியின் படத்தை ஏற்றியது குட்டி அல்ல, அம்மா. அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கில். செயலியின் கண்ணில் அங்கே இருப்பது ஒரு பெரியவர் மட்டும்தான். படத்தில் இருக்கும் எல்லோரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன் என்று உறுதி சொல்லும் வரி பல விதிமுறைகளில் இருக்கும். சம்மதம் என்ற பொத்தானைத் தட்டியபோது அம்மா அதற்கும் சேர்த்துத்தான் தலையாட்டியிருக்கிறார். எதிர் வீட்டுப் பையனின் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் அந்த வாட்ஸாப் குழுவிலும் இல்லை.