இருபது மீட்டரில் மாறும் பீப்பாய்

திறந்த உலக கேம் ஒன்றில் துறைமுக நகரம். சுவரோரம் ஒரு மரப்பீப்பாய் நிற்கிறது. கதையில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் ஊர் முழுக்க அதேபோல் 400 பீப்பாய்கள் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். கேமில் எந்த உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்ததுதான். ஒரு பீப்பாய்க்கு 1,200 முக்கோணம் என்றால் மொத்தம் 4,80,000. கண்ணில் படுகிறவற்றை நொடிக்கு 60 முறை வரைய வேண்டும்.

அதனால் தள்ளியிருக்கும் பீப்பாய்க்குப் பதில் எளிய வடிவம் ஒன்றை வைப்பார்கள். 1976இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே இந்த யோசனை உண்டு. தொழிலில் இதற்கு எல்ஓடி என்று பெயர். எந்தத் தூரத்தில் மாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

1080 பிக்சல் உயரத் திரை, மேலிருந்து கீழாக 60 டிகிரி பார்வைக்கோணம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு மீட்டர் உயரப் பீப்பாய் 10 மீட்டர் தள்ளியிருந்தால் திரையில் சுமார் 94 பிக்சல் உயரம். 20 மீட்டரில் 47. அகலமும் பாதியாவதால் பரப்பு கால்வாசியாகிவிடும். நம்மைப் பார்த்திருக்கும் 600 முக்கோணங்களுக்கு 10 மீட்டரில் ஆளுக்குப் பத்துப் பிக்சல் கிடைத்தது. 20 மீட்டரில் மூன்றுகூடத் தேறாது. கிராபிக்ஸ் சிப் நான்கு நான்கு பிக்சலாகச் சேர்த்துத்தான் வண்ணம் கணக்கிடும். முக்கோணம் அதைவிடச் சிறுத்தால் பாதி உழைப்பு வீண். ஆகவே 20 மீட்டரில் 300 முக்கோணம், 40 மீட்டரில் 75. தூரம் இரட்டித்தால் முக்கோணம் கால்வாசி.

மாறும் நொடியில் பீப்பாய் 'டக்'கென்று துள்ளக் கூடாது. கண் முதலில் பிடிப்பது வெளிக்கோட்டை. 16 பக்க வட்டத்தை 8 பக்கமாகக் குறைத்தால், 70 சென்டிமீட்டர் அகலப் பீப்பாயின் ஓரம் அதிகபட்சம் சுமார் 2.7 சென்டிமீட்டர் உள்வாங்கும். 20 மீட்டரில் அது ஒரு பிக்சலைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். 10 மீட்டரிலேயே மாற்றினால் இரண்டரை பிக்சல். உற்றுப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். முக்கோணத்தைக் குறைக்கும்போது பலகை இடுக்குகளை முதலில் தியாகம் செய்து ஓரத்தைக் காப்பாற்றுவதே சரி என்பேன்.

எல்லைக்கோட்டில் ஆட்டக்காரர் முன்னும் பின்னும் அசைந்தால் பீப்பாய் மாறி மாறித் துடிக்கும். போகும்போது 20 மீட்டரில் எளிய வடிவம், வரும்போது 18 மீட்டரில்தான் பழைய வடிவம் என்று இடைவெளி விட்டால் துடிப்பு நின்றுவிடும்.

மீட்டரை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. ஆட்டக்காரர் தொலைநோக்கியை எடுத்துப் பார்வைக்கோணத்தை 10 டிகிரியாகச் சுருக்கினால், 40 மீட்டரில் இருக்கும் பீப்பாய் 6 மீட்டரில் இருப்பதுபோல் பெரிதாகும். 75 முக்கோணம் பல்லிளிக்கும். அதனால்தான் யூனிட்டி, அன்ரியல் போன்ற எஞ்சின்கள் தூரத்தைக் கேட்பதில்லை, திரையில் பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கேட்கின்றன. நம் பீப்பாய்க்கு அந்த எண், திரை உயரத்தில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்.