கிரேவ்ஸ் நோய்: தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது தைராய்டு சுரப்பி. அது எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பித் தீர்மானிக்கிறது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் டிஎஸ்ஹெச் குறையும், சுரப்பியும் அடங்கும். கிரேவ்ஸ் நோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், டிஎஸ்ஹெச் வந்து பொருந்தும் ஏற்பியிலேயே பொருந்திச் சுரப்பியைத் தூண்டும் ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சை ஏறக்குறைய நிறுத்திவிட்டாலும் சுரப்பி ஓய்வதில்லை. 1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் இந்நோயை விவரித்தார். நோயாளிகளின் இரத்தத்தில் டிஎஸ்ஹெச் அல்லாத வேறொரு பொருள் தைராய்டை நெடுநேரம் தூண்டுகிறது என்று நியூசிலாந்தில் ஆடம்ஸும் பர்வ்ஸும் காட்டியது 1956இல்தான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கும் 34 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சித்திரை வெயிலில் வியர்ப்பதும் கூடையைத் தூக்கினால் படபடப்பதும் அங்கே யாருக்கும் புதிதல்ல. அதனால் மூன்று மாதம் பேசாமல் இருந்துவிடுகிறார். வெயிலால் வரும் படபடப்பு நிழலில் உட்கார்ந்தால் தணியும், இது தணியாது. அமைதியாகப் படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 118. தைராய்டு ஹார்மோன் இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்களை நேரடியாக விரைவுபடுத்துகிறது. அட்ரினலினுக்கு இதயம் காட்டும் எதிர்வினையையும் கூட்டுகிறது. வயதானவர்களுக்குத் துடிப்பு தாளம் தப்பி, இதயத்தில் இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரை போகலாம்.

அவர் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடுகிறார்; ஆனாலும் எடை 58 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு இறங்கிவிட்டது. பசியும் மெலிவும் சேர்ந்து வந்தால் முதலில் சர்க்கரை நோயோ என்றே நினைப்பார்கள். சர்க்கரை சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது தைராய்டு. உடலின் உயிரணுக்கள் அளவுக்கு மீறி எரிபொருளைச் செலவழிப்பதால் கொழுப்போடு தசையும் கரைகிறது. குந்தி உட்கார்ந்து எழும்போது தொடையில் வலுவில்லாமல் போவது அதனால்தான்.

கண்ணில் நடப்பது இரு வேறு மாற்றங்கள். மேல் இமை உயர்ந்து, மிரண்டு பார்ப்பதுபோலத் தோன்றுவது ஹார்மோன் மிகுதியால். ஹார்மோன் குறைந்தால் அதுவும் பெரும்பாலும் குறையும். மற்றது எதிர்ப்பொருளின் வேலை. கண்ணுக்குப் பின்னுள்ள திசுவிலும் அதே ஏற்பி இருப்பதால் அங்கே வீக்கம் உண்டாகி, கண்ணை அசைக்கும் தசைகள் தடிக்கின்றன. கண்குழி எலும்பால் ஆனது, விரிந்து கொடுக்காது. ஆகவே விழி முன்னே தள்ளப்படுகிறது. கண்ணில் நீர் வழியும், மணல் விழுந்ததுபோல் உறுத்தும், பொருள்கள் இரண்டாகத் தெரியும். எண்ணூர்ப் பக்கம் இதைத் தூசியின் மேலும் புகையின் மேலும் போட்டுவிடுவது எளிது. நிறங்கள் மங்கத் தொடங்கினால் பார்வை நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அது அவசர நிலை. புகைபிடிப்பவர்களுக்குக் கண் பாதிப்பு அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது.

அந்தப் பெண்ணின் இரத்தத்தில் டிஎஸ்ஹெச் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 கூடியும் இருக்கின்றன. இது மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் தைராய்டு அழற்சியிலும் இதே முடிவு கிடைக்கும். அங்கே சேமிப்பிலிருந்த ஹார்மோன் கசிகிறதே தவிர, புதிதாகச் சுரக்கவில்லை. அதற்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை பயன்படாது. எதிர்ப்பொருள் சோதனையோ டெக்னீசியம் ஸ்கேனோ இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சிகிச்சையில் முதலில் ப்ரோப்ரனலால் படபடப்பைத் தணிக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. புதிதாகச் சுரப்பதை அடக்குவது கார்பிமசோல். சுரப்பியில் பல வாரங்களுக்கான ஹார்மோன் சேமிப்பில் இருப்பதால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். 12 முதல் 18 மாதம் தொடர வேண்டும். நிறுத்தியபின் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நிறுத்தும் நேரத்திலும் எதிர்ப்பொருள் கூடுதலாகவே இருந்தால் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம்.

அப்படிப்பட்டவர்களுக்குக் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை. அயோடின்-131ஐ ஒருமுறை வாய்வழியாகக் கொடுத்தால் சுரப்பி சில மாதங்களில் சுருங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அது கூடாது. கண் பாதிப்பு இருந்தால் அதை மோசமாக்கவும் கூடும். கழுத்துக்கட்டி பெரிதாக இருந்தால் அறுவையே ஏற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென நாளமில்லாச் சுரப்பி அறுவைத் துறை இருக்கிறது. இவ்விரண்டு வழியிலும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தினம் ஒரு தைராக்ஸின் மாத்திரை தேவைப்படும்.

கார்பிமசோல் அரிதாக இரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.