பேனாவா, லேப்டாப்பா: ஓர் ஆய்வுக்கட்டுரையை எடைபோடும் விதம்

ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைக் கையில் கொடுத்து, 'இதற்கு 1,500 சொற்களில் விமர்சன மதிப்புரை எழுதி வாருங்கள்' என்று சொல்லும் அசைன்மென்ட் கல்லூரிகளில் சகஜம். திரும்பி வரும் தாள்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். முதல் நான்கு பக்கங்கள் கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். ஐந்தாம் பக்கத்தில் 'மாதிரி அளவு சிறியது, மேலும் ஆய்வு தேவை' என்று இரண்டு வரி. பிறகு 'மொத்தத்தில் இது பயனுள்ள கட்டுரை' என்று முடிந்துவிடும். மாணவர் கட்டுரையைப் படித்திருக்கிறார் என்பது ஆசிரியருக்குப் புரியும். அவர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது புரியாது. மதிப்பெண் இருப்பதோ அங்கேதான்.

இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, எழுதும் வரிசை. கட்டுரையைப் படித்த சூட்டோடு சுருக்கத்தில் தொடங்குகிறோம். எதை விடுவது என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதுகிறோம். விமர்சனத்துக்கு வரும்போது இடமும் தெம்பும் தீர்ந்துபோகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் உங்கள் நிலைப்பாடு, அடுத்து அதைத் தாங்கும் விமர்சனம், கடைசியாகச் சுருக்கம். அச்சில் சுருக்கம்தான் முன்னால் வரும். ஆனால் கடைசியாக எழுதினால்தான் அது அளவோடு நிற்கும்.

ஓர் உண்மையான கட்டுரையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2014-ல் 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' இதழில் பாம் மியூல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் எழுதியது அது. வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எழுதுவதே கற்றலுக்கு நல்லது என்பது அதன் முடிவு. உலகெங்கும் செய்திகளில் அடிபட்ட கட்டுரை இது. வகுப்பில் லேப்டாப் கூடாது என்று வாதிடும் ஆசிரியர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அவர்களுடைய முதல் சோதனை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 67 மாணவர்கள் ஏறத்தாழ 15 நிமிட டெட் உரை ஒன்றைப் பார்த்தார்கள். சிலர் இணைய இணைப்பில்லாத லேப்டாப்பிலும் சிலர் நோட்டிலும் குறிப்பெடுத்தார்கள். அரைமணி நேரம் வேறு வேலைகள் கொடுத்த பிறகு கேள்விகள் கேட்கப்பட்டன. நேரடித் தகவல் கேள்விகளில் இரு பிரிவும் சமம். கருத்தைப் புரிந்துகொண்டு விடையளிக்க வேண்டிய கேள்விகளில் நோட்டில் எழுதியவர்கள் முந்தினார்கள். லேப்டாப் பிரிவு சராசரியாக 310 சொற்கள் எழுதியிருந்தது, நோட்டுப் பிரிவு 173. பேச்சாளரின் சொற்களை அப்படியே இறக்கிவைத்த அளவும் லேப்டாப்பில்தான் கூடுதல். இதிலிருந்து கட்டுரையாளர்கள் ஒரு காரணத்தைச் சொல்கிறார்கள்: வேகமாகத் தட்டச்சு செய்பவர் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிடுகிறார், அதனால் யோசிக்காமல் போகிறார்.

இங்கே நிறுத்திக்கொண்டு விமர்சனம் எழுதத் தொடங்கும் மாணவர் ஒரு குழியில் விழுவார். 'நிஜ வாழ்க்கையில் தேர்வுக்கு முன்னால் குறிப்புகளைத் திருப்பிப் படிப்போம். இவர்கள் அதற்கு வாய்ப்புத் தரவில்லை' என்று எழுதத் தோன்றும். நல்ல கேள்விதான். ஆனால் அதே கட்டுரையின் மூன்றாவது சோதனையில் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் 10 நிமிடம் குறிப்புகளைப் படிக்கக் கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். கையால் எழுதி, திருப்பியும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். கட்டுரையாளர்கள் ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியை அவர்களுடைய குறையாக எழுதினால், மாணவர் சுருக்கத்தோடும் முதல் சோதனையோடும் நின்றுவிட்டார் என்பது அந்த ஒரு வரியிலேயே வெளிப்பட்டுவிடும்.

அப்படியானால் நிஜமான பலவீனம் எங்கே? முடிவில் தேடாமல், முடிவுக்கும் காரணத்துக்கும் நடுவில் தேட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கையால் எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பது ஒன்று. சொல்லுக்குச் சொல் எழுதியதுதான் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளியது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஆதாரம் வலுவானது, ஏனென்றால் யாருக்கு லேப்டாப், யாருக்கு நோட்டு என்பதை ஆய்வாளர்களே குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரண்டாவதுக்கு அந்த வலு இல்லை. யார் எவ்வளவு சொல்லுக்குச் சொல் எழுதினார்கள் என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை; தானாக நடந்ததை அளந்தார்கள், அவ்வளவுதான். அப்படியே எழுதியவர்கள் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள் என்றால், அப்படி எழுதியதால் குறைந்ததா, அல்லது உரை புரியாததால் அப்படியே எழுதினார்களா என்பதை இந்த அளவீடு பிரித்துச் சொல்லாது.

இரண்டாவது சோதனை இந்த இடத்தை நேரடியாகத் தொட்டது. லேப்டாப்காரர்களில் ஒரு பகுதியினரிடம் 'சொந்த வார்த்தையில் எழுதுங்கள், அப்படியே எழுதாதீர்கள்' என்று சொல்லிப் பார்த்தார்கள். அது பலிக்கவில்லை. அவர்களும் முன்போலவே எழுதினார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம் என்பதற்குக் கட்டுரையாளர்கள் இதை ஆதாரமாக்குகிறார்கள். விமர்சிப்பவர் வேறு மாதிரியும் பார்க்கலாம்: காரணத்தைச் சோதிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு நழுவிவிட்டது. சொல்லுக்குச் சொல் எழுதுவது குறையவே இல்லை என்றால், குறைந்தால் என்ன ஆகும் என்பது இன்னும் நமக்குத் தெரியாது.

இந்த ஒரு குறையே 700 சொற்களுக்குப் போதும். ஐந்து குறைகளை ஒவ்வொரு வரியில் அடுக்குவதைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது முடிவை எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்று காட்டுவதே விமர்சனம். வழக்கமான 'மாதிரி அளவு சிறியது' என்ற வரியையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். சிறியதால் என்ன? சிறிய எண்ணிக்கையில் கிடைக்கும் வேறுபாடு மறுமுறை அதே அளவில் வருமா என்பது நிச்சயமில்லை. அப்படியென்றால் மறுமுறை யாராவது செய்தார்களா என்று தேட வேண்டும். செய்திருக்கிறார்கள். 2021-ல் அதே இதழில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெதர் அர்ரியும் அவருடைய குழுவினரும் முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்து வெளியிட்டார்கள். லேப்டாப் பிரிவு அதிகச் சொற்கள் எழுதியது, அதிகமாக அப்படியே எழுதியது, இரண்டும் பழையபடியே. ஆனால் மதிப்பெண்ணில் அந்த வேறுபாடு வரவில்லை.

மாணவர் கவனிக்க வேண்டியது, இந்தப் புதிய முடிவு அவர் பிடித்த இடத்திலேயே வந்து நிற்கிறது என்பது. அப்படியே எழுதுவது அதிகமாயிற்று, கற்றல் குறையவில்லை. சங்கிலி நடுவில் அறுந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் பலர் '2014 கட்டுரை தவறு' என்று எழுதிவிடுவார்கள். ஒரு மறுசோதனை அதைச் சொல்லாது. அது சொல்வது, முதல் கட்டுரையை வைத்து நாம் எடுத்த உறுதி அதிகப்படி என்பதைத்தான்.

இப்போது நிலைப்பாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பார்க்கலாம். 'இந்தக் கட்டுரையை நான் ஓரளவு ஏற்கிறேன்' என்பது நிலைப்பாடு ஆகாது. எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது. இப்படி எழுதலாம்: 'லேப்டாப்பில் குறிப்பெடுப்பவர்கள் கூடுதலாக அப்படியே எழுதுகிறார்கள் என்பதை மியூல்லரும் ஓப்பன்ஹைமரும் நிறுவியிருக்கிறார்கள். அதுவே கற்றலைக் குறைக்கிறது என்பதை நிறுவவில்லை. ஆகவே வகுப்பில் லேப்டாப்பைத் தடை செய்ய இந்தக் கட்டுரை மட்டும் போதாது.' எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, அதனால் நடைமுறையில் என்ன என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. முன்னுரையின் கடைசியில் இதை வைத்துவிட்டால், படிப்பவருக்கு அடுத்து வரும் ஒவ்வொரு பத்தியும் எதற்காக என்று தெரியும்.

நிலைப்பாடு கையில் இருந்தால் சுருக்கத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்ற குழப்பம் போய்விடும். குலுக்கல் முறையில் பிரித்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமர்சனம் அதில் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் எழுதியதை எப்படி அளந்தார்கள் என்பதும் வேண்டும். இரண்டாம் சோதனையின் அறிவுறுத்தல் கட்டாயம் வேண்டும். எந்தெந்த உரைகளைப் போட்டுக் காட்டினார்கள் என்பது வேண்டாம். 350 சொற்களில் இது அடங்கிவிடும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: உங்கள் வாதத்துக்கு எதிராக இருப்பதையும் சுருக்கத்தில் விடக் கூடாது. மூன்றாம் சோதனை உங்களுக்குச் சங்கடமானது. அதனாலேயே அது இடம்பெற வேண்டும். கட்டுரையாளரே படித்தால் 'ஆமாம், நாங்கள் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி சுருக்கம் இருக்க வேண்டும்.

வினைச்சொற்களிலும் கவனம் தேவை. எண்களாகக் கிடைத்த முடிவுக்குக் 'கண்டறிந்தார்கள்' சரி. அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கத்துக்குக் 'கருதுகிறார்கள்', 'வாதிடுகிறார்கள்' என்று போட வேண்டும். 'சொல்லுக்குச் சொல் எழுதுவது கற்றலைக் குறைப்பதாகக் கண்டறிந்தார்கள்' என்று சுருக்கத்தில் எழுதிவிட்டு, அதை நிறுவவில்லை என்று விமர்சனத்தில் எழுதினால், உங்கள் தாளே உங்களை மறுக்கும். 'என்கிறார்கள்' என்பதை விட்டுவிட்டால் அவர்கள் கருத்து உங்கள் கருத்தாகிவிடும் என்பதும் உண்டு.

எழுதி முடித்ததும் மூன்று நிறப் பேனாக்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு போட்டுப் பாருங்கள். கட்டுரை சொல்வதற்கு ஒரு நிறம், அதை எடைபோடுவதற்கு இன்னொன்று, உங்கள் நிலைப்பாட்டுக்கு மூன்றாவது. முதல் நிறம் இரண்டாம் பக்கத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் சுருக்கம் வழிந்துவிட்டது. மூன்றாம் நிறம் கடைசிப் பத்தியில் மட்டும் இருந்தால், நிலைப்பாட்டை எழுதி முடித்த பிறகுதான் யோசித்திருக்கிறீர்கள். விமர்சனப் பத்திகளின் முடிவில், 'ஆகவே அளந்தது மட்டும் போதாது, மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்' என்பது போல ஒரு வரி வந்தாலே அந்த நிறம் தாள் முழுக்கப் பரவும்.

முடிவுரையில் புதிய குறை எதையும் நுழைக்க வேண்டாம். 'மேலும் ஆய்வு தேவை' என்பதற்குப் பதிலாக, எந்த ஆய்வு வந்தால் உங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை அந்த ஆய்வு எது என்பது தெளிவாகத் தெரிகிறது: லேப்டாப்பில் எழுதுபவர்கள் நிஜமாகவே சொந்த வார்த்தையில் எழுதும்படி, உதாரணமாக முன்கூட்டியே பயிற்சி கொடுத்து, செய்துவிட வேண்டும். பிறகு அவர்களுடைய மதிப்பெண் நோட்டில் எழுதியவர்களின் அளவுக்கு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்ந்தால் 2014-ல் சொன்ன காரணத்தை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும்.