கீசர் காயிலில் படியும் சுண்ணாம்பு

சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் கீசருக்குள் கடுகு பொரிவதுபோலச் சத்தம் கேட்டால், காயிலின்மீது சுண்ணாம்பு ஏறிவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காயிலுக்கும் சுண்ணாம்பு ஓட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தண்ணீர் அங்கேயே ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம் அது.

போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு ஏறும்போது அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. தொட்டிக்குள் எது அதிகச் சூடாக இருக்கிறதோ அதில்தான் அது முதலில் ஒட்டும். காயிலைவிடச் சூடான இடம் உள்ளே வேறில்லை. ஆனால் கரிக்கும் தண்ணீரெல்லாம் இப்படிப் படிவதில்லை. சாப்பாட்டு உப்பு எவ்வளவு கொதித்தாலும் கரைந்தே இருக்கும். ஆகவே டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் படிவைக் கணிக்க முடியாது. பார்க்க வேண்டியது கடினத்தன்மையை. குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணய அமைப்பு.

ஒரு சின்னக் கணக்கு. கடினத்தன்மை 400 உள்ள தண்ணீரில் ஒரு குடும்பம் தினமும் 40 லிட்டர் வெந்நீர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 16 கிராம் கீசருக்குள் நுழைகிறது. பெரும்பகுதி குழாய் வழியே வெளியேறிவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலே ஒரு வருடத்தில் அரை கிலோவைத் தாண்டிவிடும்.

இதனால் கரண்ட் பில் எகிறும் என்று சொல்வார்கள். அது பெரிதாக உண்மையில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் சூடு, கொஞ்சம் தாமதித்தாலும், தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். உண்மையான நஷ்டம் காயிலுக்கு. தண்ணீர் தொட முடியாமல் ஓட்டுக்குள்ளேயே வெந்து, உறை வெடித்துப் போகும். பக்கத்திலேயே தெர்மோஸ்டாட் குழலும் இருப்பதால் அதையும் சுண்ணாம்பு மூடும். அப்போது தண்ணீர் சூடாவதற்கு முன்பே கட்-அவுட் விழுந்து, பாதி பக்கெட் வெந்நீரோடு நின்றுவிடும். 15 லிட்டர் கீசரில் 2000 வாட் காயில் 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 18 நிமிடம் வேண்டும். ஐந்தாறு நிமிடத்திலேயே விளக்கு அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகவே வந்தால் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் கம்பெனி ஆளைக் கூப்பிடுவதே சரி. முடிந்துவிட்டது, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமும் உண்டு என்றால் வீட்டிலேயே செய்யலாம். சுவரிலிருந்து கீசரை இறக்க வேண்டியதில்லை.

எம்சிபியை இறக்கி, பிளக்கையும் உருவிவிட வேண்டும். தண்ணீர் ஆறியபின் உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடவேண்டும். பிறகு நீலப் பக்கத்து இணைப்புக் குழாயைக் கழற்றினால் தண்ணீர் இறங்கும். சிவப்புப் பக்கத்தையும் கழற்றினால்தான் காற்று உள்ளே போய் முழுதாக வடியும். அடியிலுள்ள மூடியைத் திறந்ததும், ஒயர்களைத் தொடுவதற்கு முன் மொபைலில் ஒரு படம். டெஸ்டரில் கரண்ட் இல்லை என்று பார்த்துவிட்டு ஒயர்களைக் கழற்றி, தெர்மோஸ்டாட் குழலை மடங்காமல் உருவி வைக்கலாம். காயில் பொருத்திய வட்டத் தகட்டின் நட்டுகளைத் தளர்த்தும்போது ஒன்றிரண்டை நுனியில் விட்டுவைப்பது நல்லது. அடியில் தேங்கிய தண்ணீரும் சுண்ணாம்புச் சில்லுகளும் கீழே வைத்த பக்கெட்டில் விழட்டும், பிறகு முழுதாக எடுக்கலாம்.

வெளியே வரும் காயில் முதல்முறை பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். பழுப்பு வெள்ளையாக, விரல் தடிமனுக்கு, சுற்றுகளுக்கு இடையே சந்தே இல்லாமல் அடைத்திருக்கும். பலரின் கை உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடும். அதுதான் கூடாது. தட்டினால் ஓடு பாளமாக உதிரும் என்பது உண்மைதான். ஆனால் காயிலின் உறை மெல்லியது, அதன்மேல் முலாம் இன்னும் மெல்லியது. ஒரு கீறல் போதும், அங்கிருந்து அரிப்பு தொடங்கிவிடும். கையால் தள்ளினால் விழுவதை மட்டும் விழவிட்டு, மீதியைக் கரைப்பதே வழி.

இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 150 கிராம் சிட்ரிக் ஆசிட். கேக் செய்யும் பொருள் விற்கும் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். ஆழமான பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி, காயிலைத் தலைகீழாக இறக்க வேண்டும். ஒயர் மாட்டும் முனைகள் கட்டாயம் மேலே, ஈரம் படாமல் இருக்க வேண்டும். இறக்கியதும் சோடாபோல நுரைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் நுரை அடங்கும். இவ்வளவு கரைசல் சுமார் 100 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். அதனால் நுரை நின்றும் ஓடு இருந்தால், ஆசிட் தீர்ந்துவிட்டது என்று புதிதாகக் கலக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சூட்டில் கால்சியம் சிட்ரேட் வெள்ளைப் பொடியாகப் பிரிந்து மறுபடியும் காயிலிலேயே ஒட்டும். வினிகரும் வேலை செய்யும், ஆனால் 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் ஊற்றினால் 40 கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் கரையும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு ஸ்டீல் உறையில் ஊசிமுனைத் துளைகள் போட்டுவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் விஷவாயு கிளம்பும்.

ஊறியதைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரிலும் பிறகு நல்ல தண்ணீரிலும் அலசினால் உலோகம் தெரியும். இப்போதுதான் முக்கியமான கேள்வி: இந்தக் காயிலைத் திரும்பப் போடலாமா? புடைப்போ வெடிப்போ கண்ணில் பட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நன்றாகக் காயவைத்து, மல்டிமீட்டரை இரண்டு முனைகளிலும் வைத்தால் 2000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கிறது. முனைக்கும் வெளி உறைக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. மல்டிமீட்டர் சின்னக் கசிவைத் தவறவிடக்கூடும் என்பதால், வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. குளிக்கும் தண்ணீரில் இதில் சமரசம் செய்துகொள்ள முடியாது.

அதே தகட்டில் இருக்கும் மெக்னீசியம் தண்டு தேய்ந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றிவிடலாம். தொட்டி துருப்பிடிக்காமல் தான் தேய்ந்துகொள்வதுதான் அதன் வேலை. தொட்டிக்குள் கைவிட்டுச் சில்லுகளை அள்ளி, ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். கேஸ்கெட் புதிது. நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

கழற்றிய இரண்டு குழாய்களையும் மாட்டி, வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் சீராக விழும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது. தண்ணீரில்லாத தொட்டியில் சுவிட்சைப் போட்டால் அத்தனை மெனக்கெட்டுச் சுத்தம் செய்த காயில் கொஞ்ச நேரத்தில் கருகிப்போகும். குழாயை மூடி அரைமணி நேரம் கசிவு பார்த்த பிறகுதான் தெர்மோஸ்டாட் குழலும், படத்தைப் பார்த்து ஒயர்களும், எர்த்தும், மூடியும். முதல் முறை சூடான பின் கேஸ்கெட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். அந்த முதல் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வரும், அதைச் சாக்கடையில் விட்டுவிடலாம்.

தெர்மோஸ்டாட்டைத் திருப்பும் வசதி இருந்தால் 60 டிகிரிக்கு மேல் வைக்காமலிருந்தால் படிவது குறையும். அடுத்து எப்போது திறப்பது என்பதைக் கழற்றிய காயிலே சொல்லிவிடும். ஒரு வருடத்தில் முட்டை ஓட்டுத் தடிமன்தான் என்றால் இன்னொரு வருடம் விடலாம்; விரல் தடிமன் என்றால் ஆறு மாதம். தேதியை மூடியின்மேல் மார்க்கரால் எழுதி வைத்தால் நினைவிருக்கும்.